வெயில் கோட்டை அழிக்கலாம், கையை அழிக்காமல்: தோள், கை நிறத்தைச் சமன்செய்யும் முறை

கல்யாண ஆல்பத்துக்குப் படம் திருத்தித் தரும் வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்று உண்டு. "கை மட்டும் ரெண்டு கலரா தெரியுது, கொஞ்சம் சரி பண்ணிடுங்க." தினமும் அரைக்கை சட்டையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறவர் ரிசப்ஷன் அன்று கையில்லாத ரவிக்கை போடுகிறார். அத்தனை நாள் துணிக்குள் இருந்த தோளும், அத்தனை நாள் வெயிலில் இருந்த முன்கையும் அன்றுதான் ஒன்றாக வெளியே தெரிகின்றன. நடுவில் கோடு போட்டதுபோல் ஓர் எல்லை.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, கருத்த பகுதியைப் பெரிய பிரஷால் வெளுக்க வைப்பது. கோடு போய்விடும். கூடவே கையின் உருட்சியும் போய், சாம்பல் பூசிய தட்டையான ஒரு பொருள் தோளிலிருந்து தொங்கும். அப்படி ஆகாமல் செய்யும் வழியை ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். நான் போட்டோஷாப்பில் செய்வதால் மெனுப் பெயர்களை அதில் திரையில் தெரிகிறபடியே தருகிறேன்.

படத்தில் இருப்பவர் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, மாநிறம். காலர் வைத்த டி-ஷர்ட்டில் மைதானத்தில் நிற்கிற வேலை. இரண்டு மேற்கைகளிலும் பாதியில் சட்டைக்கை முடிந்த கோடு. இடது மணிக்கட்டில் கைக்கடிகார வார் இருந்த இடம் மட்டும் வெளிறி இருக்கிறது. தோள்கள் முகத்தைவிட வெளுப்பு, முன்கைகள் முகத்தைவிடக் கருப்பு. ஒளி ஒரு பக்கத்திலிருந்து, பெரிய சாஃப்ட்பாக்ஸ் வழியாக வந்தது. இடுப்பளவு படம், 24 மெகாபிக்சல், ரா கோப்பு.

எந்த நிறத்துக்குக் கொண்டுவருவது?

மவுஸைத் தொடுவதற்கு முன் இதை முடிவு செய்தாக வேண்டும். இந்தப் படத்தில் மூன்று நிறங்கள் இருக்கின்றன: தோள், முகம், முன்கை. இருப்பதிலேயே வெளுப்பானதைப் பிடித்து மற்றதையெல்லாம் அதற்கு இழுக்கத்தான் கை போகும். நம் ஊரில் அந்தப் பழக்கம் ஆழமானது, கேட்காமலேயே வெளுக்க வைத்துக் கொடுப்பதைச் சேவை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்வதில்லை. அந்தப் பெண் கேட்டது கையை ஒரே நிறமாக்க, வேறு ஆளாக்க அல்ல. தொழில் கணக்கிலும் அது தவறுதான். முன்கையைத் தோள் வரைக்கும் வெளுக்க வைத்தால் திருத்தத்தின் அளவு இரட்டிப்பாகும், பழுதும் அதே அளவுக்குக் கூடும்.

முகம்தான் அளவுகோல். பார்க்கிறவர் கண் முதலில் போவதும் அவரை அடையாளம் காண்பதும் அங்கேதான். முகம் தோளுக்கும் முன்கைக்கும் நடுவில் இருப்பதால், தோளைக் கொஞ்சம் இறக்கி முன்கையைக் கொஞ்சம் ஏற்றி இரண்டையும் முகத்தின் நிறத்தில் சந்திக்க வைக்கலாம். இரு பக்கமும் பாதி வழி நடந்தால் எந்தப் பக்கமும் களைத்துப்போகாது.

இதில் ஒரு சிக்கல் வரும். மணப்பெண்ணுக்கு முகத்தில் போட்ட ஃபவுண்டேஷன் சொந்த நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பாக இருந்தால் முகத்தை அளவாக வைக்க முடியாது. அப்போது மேக்கப் படாத இடம் எதுவென்று பார்த்து, காதுக்குப் பின்னாலோ கழுத்தின் பக்கவாட்டிலோ அளவு எடுங்கள். தேவைப்பட்டால் முகத்தையே ஓரளவு இறக்கிக் கழுத்தோடு சேர்க்க வேண்டியிருக்கும். அதை அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் சொல்லும் ஆசிரியைக்கு அந்தத் தொல்லை இல்லை, மேக்கப் லேசானது.

வெயில் கருப்பா, நிழல் கருப்பா?

கையில் கருப்பாகத் தெரிவதெல்லாம் வெயில் இல்லை. கை ஓர் உருளை, ஒளி வரும் பக்கம் வெளுத்தும் மறுபக்கம் இருண்டும்தான் இருக்கும். அந்த இருட்டையும் சேர்த்துச் 'சரி' செய்துவிட்டால் கை அட்டையில் வெட்டியதுபோல் ஆகிவிடும். முழங்கை, விரல் முட்டிகள், அக்குள் மடிப்பு ஆகிய இடங்கள் எல்லோருக்குமே கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும். அவற்றையும் விட்டுவிட வேண்டும். பட்டுச் சேலையின் நிறம் கையின் உட்பக்கத்தில் எதிரொளிப்பதும் உண்டு. சிவப்புச் சேலை என்றால் அங்கே தோல் சிவந்து தெரியும், அதுவும் வெயிலின் வேலையல்ல.

பிரித்துப் பார்க்க ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. எல்லா லேயர்களுக்கும் மேலே Layer > New Fill Layer > Solid Color போய் 128, 128, 128 என்ற நடுச் சாம்பல் நிறத்தில் ஒரு லேயர் போடுங்கள். அதன் blend mode-ஐ Color ஆக்கினால் படம் கருப்பு வெள்ளையாகிவிடும், வெளிச்ச வித்தியாசம் மட்டும் தெரியும். அதையே Luminosity ஆக்கினால் தலைகீழாக, வெளிச்ச வித்தியாசம் மறைந்து நிற வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அது மங்கலாகத் தோன்றினால் மேலே ஒரு Hue/Saturation லேயர் போட்டு Saturation-ஐ 50 அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது கையைப் பாருங்கள். நிழல் என்றால் கையின் நீளவாக்கில், வடிவத்தோடு சேர்ந்து, மெதுவாக மாறும். வெயில் எல்லை கையின் குறுக்கே, துணி முடிந்த இடத்தில் வளையம் போல ஓடும். இதைத் தெரிந்துகொண்டால் எங்கே மாஸ்க் போடுவது என்ற குழப்பமே வராது. இந்தச் சாம்பல் லேயர் இறுதிவரை தேவைப்படும். அழிக்காமல் கண் பொத்தானை மட்டும் அணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு எடுப்பது

கண்ணை மட்டும் நம்பினால் அரை மணி நேரத்தில் அது பழகிவிடும், எது சரி என்று தெரியாது. எனவே எண்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். Color Sampler Tool-ஐ எடுத்து மேலே Sample Size-ஐ 31 by 31 Average ஆக்குங்கள். ஒற்றைப் பிக்சலில் அளந்தால் ஒரு முடியோ துளையோ கிடைத்துவிடும். Info பேனலில் அந்தப் புள்ளிகளின் சிறு குறியைச் சொடுக்கி Lab Color என்று மாற்றிக்கொள்ளுங்கள். Lab-இல் மூன்று எண்கள் வரும். L வெளிச்சம், a சிவப்பின் பக்கம் எவ்வளவு, b மஞ்சளின் பக்கம் எவ்வளவு என்பது. வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகக் கிடைப்பதால் நம் வேலைக்கு இது வசதி.

புள்ளி வைக்கும் இடம் முக்கியம். தோளின் உச்சியில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என்று வைத்தால் ஒளி வித்தியாசத்தையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். கோட்டுக்குச் சற்று மேலே ஒன்று, சற்றுக் கீழே ஒன்று, இரண்டும் கையின் ஒரே முகப்பில், ஒளி ஒரே மாதிரி விழும் இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது புள்ளி கன்னத்தில், பளபளப்போ நிழலோ இல்லாத இடத்தில். ஆசிரியையின் படத்தில் எனக்குக் கிடைத்தவை இவை:

கோட்டுக்கு மேல்: L 57, a 14, b 21
கோட்டுக்குக் கீழ்: L 45, a 17, b 24
கன்னம்: L 54, a 16, b 23

இதில் கவனிக்க வேண்டியது L-இல் 12 வித்தியாசம், மற்ற இரண்டிலும் வெறும் 3. பிரச்சினையில் பெரும்பகுதி வெளிச்சம்தான், நிறம் கொஞ்சமே. இரண்டையும் ஒரே கருவியால் ஒரே இழுப்பில் சரிசெய்யப் போவதுதான் சாம்பல் பூப்பதற்கும் செங்கல் நிறமாவதற்கும் காரணம். நான் வைத்த இலக்கு, மேலும் கீழும் L 52, 53 அருகில் வருவது. கன்னத்தைவிடக் கை ஒரு படி இருண்டிருப்பது நல்லது, இல்லாவிட்டால் கண் முகத்தை விட்டுக் கைக்குப் போகும்.

லேயர்களை அடுக்குவது

ராவைத் திறக்கும்போதே white balance-ஐச் சரிசெய்துவிட்டு 16 பிட்டில் போட்டோஷாப்புக்குக் கொண்டு வாருங்கள். கேமரா ராவிலேயே ஆரஞ்சு நிறத்தின் Luminance-ஐ ஏற்றி முடித்துவிடலாமே என்று தோன்றும். அது முகத்தையும் தோளையும் சேர்த்தே ஏற்றிவிடும், வித்தியாசம் வித்தியாசமாகவே இருக்கும்.

முதலில் கையின் வெளிக்கோட்டைத் தேர்ந்தெடுங்கள். Quick Selection Tool போதும், ஓரம் சரியாக வராவிட்டால் Pen Tool. வளையல், ரவிக்கை ஓரம், பின்னணி மூன்றும் வெளியே இருக்க வேண்டும். ஒரு காலி குரூப் போட்டு அதற்கு இந்தத் தேர்வை மாஸ்க்காக வையுங்கள். இதை வெளிக்குரூப் என்போம். இதன் மாஸ்க் ஓரம் கூர்மையாக இருக்கட்டும், ஒன்றிரண்டு பிக்சல் Feather போதும்.

அதற்குள் இன்னும் இரண்டு குரூப்கள்: ஒன்று கருத்த பகுதிக்கு, ஒன்று வெளிறிய பகுதிக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு Curves, ஒரு Hue/Saturation. மாஸ்க்கை லேயர்களில் போடாமல் குரூப்பில் போடுங்கள். அப்போது வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஒரே எல்லை இருக்கும். குரூப்களின் blend mode Pass Through ஆகவே இருக்க வேண்டும். Normal ஆக்கினால் உள்ளே இருக்கும் லேயர்கள் கீழே உள்ள படத்தைத் தொடாது, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

ஏன் குரூப்புக்குள் குரூப் என்று கேட்கலாம். கையில் இரண்டு விதமான ஓரங்கள் இருக்கின்றன. பின்னணியோடு சேரும் ஓரம் கூர்மையானது, வெயில் எல்லை மழுங்கலானது. ஒரே மாஸ்க்கில் இரண்டையும் வைத்தால் ஒன்றை மழுக்கும்போது மற்றதும் மழுங்கி, கையைச் சுற்றிப் பின்னணியில் ஓர் ஒளிவட்டம் கிளம்பும். வெளிக்குரூப் ஒரு வேலிபோல் நிற்பதால் உள்ளே இருக்கும் மாஸ்க்கை எவ்வளவு வேண்டுமானாலும் மழுக்கலாம்.

வெளிச்சம் முதலில்

கருத்த பகுதியின் Curves லேயரை blend mode Luminosity-இல் வையுங்கள். இது கட்டாயம். தோலில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. Normal-இல் வளைவை மேலே தூக்கும்போது அதன் மேல்பகுதி படுத்துவிடுவதால் சிவப்புக் கொஞ்சமாகவும் நீலம் கூடுதலாகவும் ஏறும். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கினால் நிறம் வெளிறிச் சாம்பல் தட்டும். Luminosity-இல் வைத்தால் வெளிச்சம் மட்டும் நகரும், நிறம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

L 45 என்பது வளைவில் கிட்டத்தட்ட 106 என்ற அளவு, L 52 என்பது 124. ஆகவே Input 106, Output 124 என்று ஒரு புள்ளி. அதோடு விட்டுவிடாமல் கீழே 40-ஐ 42-இலும் மேலே 215-ஐ 217-இலும் ஆணி அடித்ததுபோல் இரண்டு புள்ளிகள் வையுங்கள். கீழ்ப் புள்ளி பூனைமுடியையும் தோலின் நுண்துளைகளையும் கருமையாகவே வைத்திருக்கும். மேல் புள்ளி தோலின் பளபளப்பைக் காக்கும். பளபளப்பு என்பது விளக்கின் வெளிச்சம் அப்படியே திரும்பி வருவது, அதற்கும் வெயில் கருப்புக்கும் சம்பந்தம் இல்லை. அதையும் சேர்த்து ஏற்றினால் கையில் மெழுகு தடவியதுபோல் ஆகும்.

வெளிறிய பகுதியின் Curves-உம் Luminosity-தான். அங்கே 137-ஐ 127-க்கு இறக்கினேன். L 57 ஏறக்குறைய 53-க்கு வந்தது.

இப்போதைக்குப் படம் விசித்திரமாகத் தெரியும். முன்கை வெளுத்தும் இன்னும் ஆரஞ்சாகவே இருக்கும், தோள் இருண்டும் வெளிறியே இருக்கும். பயப்பட வேண்டாம், சாம்பல் லேயரை Color-இல் வைத்து ஒருமுறை பாருங்கள். கருப்பு வெள்ளையில் மேலும் கீழும் ஒன்றாகிவிட்டதா என்பது மட்டுமே இந்தக் கட்டத்தின் கேள்வி.

அப்புறம் நிறம்

முன்கையின் Hue/Saturation-இல் Saturation-ஐ 6 குறைத்தேன். 17, 24 என்று இருந்தது 16, 22-க்குப் பக்கத்தில் வந்தது. மேற்கையில் 8 கூட்டினேன். அது 15, 23 அளவுக்கு வந்தது. கன்னத்தின் 16, 23-க்கு இரண்டுமே அருகில்தான். இரண்டு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக வேண்டும் என்று துரத்த வேண்டாம், ஒன்றிரண்டு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் படத்தில் Hue-ஐத் தொடத் தேவை வரவில்லை. ஒரே நாளில் கடற்கரையில் நின்று தோள் காந்திச் சிவந்திருந்தால் கதை வேறு. அங்கே கருமையைவிடச் சிவப்பு முன்னே நிற்கும், a மட்டும் தனியாக ஏறியிருக்கும். அப்போது Hue/Saturation-இல் Master-க்குப் பதில் Reds-ஐத் தேர்ந்து Hue-ஐ நேர்ப் பக்கம் நகர்த்துங்கள், நிறம் மஞ்சளின் திசையில் போகும். 3, 4-இல் தொடங்குங்கள். பத்தைத் தாண்டினால் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். காந்திய தோளுக்கு வெளிச்சத் திருத்தம் பெரும்பாலும் மிகக் குறைவாகவே தேவைப்படும். பழக்கத்தில் அதையும் ஏற்றிவிடாதீர்கள்.

எல்லையில்தான் எல்லாம் இருக்கிறது

எண்கள் சரியாக வந்த பிறகும் கோடு இருக்கும். முதல் தடவை இங்கேதான் பலர் சோர்ந்துபோய், ஹீலிங் பிரஷை எடுத்துக் கோட்டின்மேல் தேய்க்கத் தொடங்குவார்கள். தோலின் துளைகள் அழிந்து ஒரு வழவழப்பான பட்டை கிடைக்கும்.

கோடு ஏன் மிஞ்சுகிறது என்று பார்த்தால் தீர்வு தானாகக் கிடைக்கும். உண்மையான வெயில் எல்லை ஒரு கோடு அல்ல, ஒரு பட்டை. சட்டைக்கை நாள் முழுக்க ஏறி இறங்குவதால் கருப்பு படிப்படியாகத்தான் வெளுப்பாகிறது. அந்தப் பட்டையின் அகலமும் உங்கள் மாஸ்க் மழுங்கும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். மாஸ்க் அதைவிடக் கூர்மையாக இருந்தால் எல்லையில் ஒரு படிக்கட்டு தெரியும். மழுங்கலாக இருந்தால் இரட்டைக் கோடு வரும். வெயில் பக்கத்தில் ஒரு கருப்பு இழை, துணிப் பக்கத்தில் ஒரு வெளுப்பு இழை. ஏனென்றால் திருத்தம் ஓரிடத்தில் போதாமலும் அடுத்த இடத்தில் மிஞ்சியும் விழுந்திருக்கும்.

அதனால் முதலில் பட்டையை அளந்து கொள்ளுங்கள். படத்தை 100% பெரிதாக்கி, Ruler Tool-ஆல் கருப்பு குறையத் தொடங்கும் இடத்திலிருந்து வெளுப்பு முழுதாகும் இடம் வரை இழுத்துப் பாருங்கள். ஆசிரியையின் மேற்கையில் ஏறக்குறைய 90 பிக்சல் இருந்தது. பட்டையின் நடுவழியாக Lasso Tool-ஆல் கையின் குறுக்கே வெட்டி, கருத்த பகுதி முழுவதையும் தேர்ந்து உள்குரூப்புக்கு மாஸ்க் ஆக்குங்கள். விரல்களையும் சேர்த்துத்தான். முன்கையை மட்டும் ஏற்றிவிட்டு உள்ளங்கைப் பின்புறத்தை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும், கையுறை போட்டதுபோல் தெரியும். வெளிறிய பகுதியின் குரூப்புக்கு இதே மாஸ்க்கை Alt-ஐ அழுத்திக்கொண்டு இழுத்துப் பிரதி எடுத்து, Ctrl+I கொடுத்துத் திருப்பிவிடுங்கள். இரண்டும் ஒரே வெட்டிலிருந்து வந்தவை என்பதால் நடுவில் இடைவெளியோ ஏறிக்கொள்ளலோ வராது.

பிறகு மாஸ்க்கைத் தேர்ந்து Properties பேனலில் Feather-ஐ ஏற்றுங்கள். பட்டை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நல்ல தொடக்கம். எனக்கு 30-இல் தொடங்கி 34-இல் கோடு கரைந்தது. இந்த Feather எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக நகர்த்தினால் படிக்கட்டு தேய்ந்து, மறைந்து, இரட்டைக் கோடாக மாறுவது கண்ணெதிரே தெரியும். நடுவில் மறைந்த இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு மாஸ்க்கிலும் ஒரே எண்.

ஒளி வரும் பக்கத்தில் கரைந்து நிழல் பக்கத்தில் இன்னும் கோடு இருந்தால் மாஸ்க்கின் வெட்டு அங்கே கொஞ்சம் விலகியிருக்கிறது என்று பொருள். சட்டைக்கையின் விளிம்பு கையைச் சுற்றிச் சாய்வாக ஓடும், நேராக அல்ல. Feather-ஐ மாற்றாமல், மென்மையான பிரஷில் Flow 5% வைத்து மாஸ்க்கில் மட்டும் வெள்ளையோ கருப்போ தடவி அந்த இடத்தை நகர்த்துங்கள்.

இத்தனைக்கும் பிறகு அங்கங்கே திட்டாக மிஞ்சும். அதற்குத்தான் Clone Stamp Tool. எல்லாவற்றுக்கும் மேலே, சாம்பல் லேயருக்குக் கீழே, ஒரு காலி லேயர் போட்டு, Sample-ஐ Current & Below ஆக்கி, அந்த லேயரின் blend mode-ஐ Lighten ஆக்குங்கள். கருவியின் Opacity 20%. இந்த நிலையில் அது சுற்றியிருப்பதைவிடக் கருத்த புள்ளிகளை மட்டும் தொடும். வெளிறிய திட்டுக்கு Darken-இல் இன்னொரு காலி லேயர். மாதிரி எடுக்கும் இடம் எப்போதும் பக்கத்திலேயே, கையின் நீளவாக்கில் அதே ஒளியில் இருக்கட்டும்.

கடிகார வார்

இதை நான் கடைசியில் சொன்னாலும், செய்யும்போது முன்கையைத் தொடுவதற்கு முன்பே செய்துவிடுவேன். வார் மறைத்த இடத்தைச் சுற்றியிருக்கும் கருத்த மணிக்கட்டுக்கு இணையாக்கிவிட்டால், அதன் பிறகு முன்கை முழுவதும் ஒரே துண்டு, ஒரே திருத்தம் போதும். எனவே இதன் குரூப்பை மற்றவற்றுக்குக் கீழே வையுங்கள். மாஸ்க்கில் கவனிக்க வேண்டியது, வார் இறுக்கமாக ஒரே இடத்தில் இருப்பதால் எல்லைப் பட்டை குறுகலானது. இங்கே 24 பிக்சல் இருந்தது, Feather 8-இல் சரியாயிற்று. கடிகாரத்தின் வட்டமான முகம் இருந்த இடம் வாரைவிட அகலமாகத் தெரியும், அதையும் வடிவத்தோடு வெட்டிக்கொள்ளுங்கள். வார் அழுத்திய தழும்பு இருந்தால் அதை விட்டுவிடுவேன், அது நிறமல்ல, பள்ளம்.

மருதாணி அந்தப் பட்டையின்மேல் ஓடினால் வேலை கடினம். வெளிறிய தோலின்மேல் மருதாணி பளிச்சென்றும், கருத்த தோலின்மேல் அடங்கியும் தெரியும். தோலை இறக்கினால் கோலமும் சேர்ந்து இறங்கும். அதில் கொஞ்சம் நன்மையும் உண்டு, கோலம் முழுக்க ஒரே அடர்த்தியாகிவிடும். மருதாணியைத் தனியாகப் பிரித்து மாஸ்க் போட்டுப் பார்த்திருக்கிறேன், இழைக்கு இழை ஓரம் தெரிந்து தோல்வியில்தான் முடிந்தது. திருத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கோலத்தோடு சேர்த்து விடுவதுதான் நல்லது.

சரிபார்ப்பது

சாம்பல் லேயரை Color-இல் ஒருமுறை, Luminosity-இல் ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். முதலாவதில் கை உருண்டையாக, ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டு, குறுக்கே வளையம் இல்லாமல் தெரிய வேண்டும். உருட்சி குறைந்திருந்தால் நிழலையும் சேர்த்து ஏற்றியிருக்கிறீர்கள். இரண்டாவதில் எங்காவது ஒரு துண்டு தனியாக ஆரஞ்சாகவோ சாம்பலாகவோ நின்றால் அந்தக் குரூப்பின் Saturation-க்குத் திரும்பிப் போங்கள்.

பிறகு படத்தைச் சிறிதாக்கி, கைப்பேசியில் தெரியும் அளவில் பாருங்கள். திட்டுகள் பெரிதாக்கும்போது ஒளிந்துகொண்டு சிறிதாக்கும்போதுதான் வெளியே வரும். கடைசியாக வெளிக்குரூப்பின் Opacity-ஐ 85% அளவுக்கு இறக்கிப் பார்ப்பேன். பெரும்பாலான படங்களில் அதுதான் சரியாக இருக்கிறது. முன்கை ஒரு நூல் அளவு கருத்தே இருக்கும், வெயிலில் நடமாடுகிற மனிதரின் கை அப்படித்தான் இருக்கும். மச்சம், அம்மைத் தழும்பு எதையும் தொட வேண்டாம்.

எல்லாப் படத்துக்கும் இது பலிக்காது. தோளில் ஒளி அதிகமாகி வெள்ளையாக எரிந்துவிட்டிருந்தால் அங்கே இறக்குவதற்கு நிறமே இல்லை, இறக்கினால் சாம்பல்தான் வரும். கைப்பேசியில் எடுத்து வாட்ஸப்பில் வந்த ஜேபெக்கில் L-ஐ ஐந்துக்கு மேல் ஏற்றினால் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கும். அந்த மாதிரிப் படங்களில் வெளிறியதைக் கொஞ்சம் இறக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறக்குவதில் சேதம் குறைவு.

ஒரே வரிசையில் இன்னும் பத்துப் படங்கள் இருந்தால் இந்த வெளிக்குரூப்பை அப்படியே அடுத்த படத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். ஒளி மாறாதவரை வளைவின் எண்களும் Saturation-உம் பெரும்பாலும் அப்படியே பொருந்தும், மாஸ்க்குகளை மட்டும் புதிதாக வெட்ட வேண்டும். கை வேறு கோணத்தில் இருந்தால் பட்டையின் அகலமும் மாறியிருக்கும், அதை மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஆசிரியையின் முதல் படத்துக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதே மேடையில் எடுத்த மற்றவற்றுக்குப் பத்துப் பத்து நிமிடம்.